பூட்டு தொங்காத கேட்

மதிப்பிற்குரிய அம்மா,

சோழவந்தான் பக்கம் ஒரு கிராமத்தில் தபால்காரராக இருக்கிறேன். வயது 46. 19 வருஷமாக இதே ஊர், இதே தெருக்கள். இதுவரை யாரிடமும் ஒரு சொல் வாங்கியதில்லை. போன மாதம் முப்பது பேர் முன்னால் வாங்கினேன்.

மேலத் தெருக் கடைசி வீட்டில் ஒரு அப்பத்தா இருந்தது. 78 வயது. தாத்தா கொடிக்காலில் வேலை பார்த்தவர், இறந்து இருபது வருஷமாகிறது. ஒரே மகன், திருப்பூரில் இருக்கிறார். நான் பதினோரு மணி வாக்கில் அந்தத் தெருவுக்குள் நுழைவேன். வண்டிச் சத்தம் கேட்டதும் அப்பத்தா இரும்பு கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். “என்ன அப்பத்தா, சௌக்கியமா?” என்பேன். “இருக்கேன்யா. ஏதும் வந்திருக்கா?” என்று கேட்கும். “இன்னைக்கு இல்ல அப்பத்தா.” “சரி, நாளைக்கு வரட்டும்.” இவ்வளவுதான் பேச்சு. அதற்குக் கடிதம் எழுத யாரும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு நாள் தவறியதில்லை.

கருமாதி அன்று அந்த மகன் என்னைப் பார்த்துக் கேட்டது இது: “தினமும் வாசல்ல நின்னு பேசுறவருக்கு, கேட் சாத்தியிருந்தா என்னன்னு கேட்கத் தெரியாதா? திங்கக்கிழமையே பார்த்திருந்தா எங்கம்மா இருந்திருக்கும்.” வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறவர் பேசுகிற பேச்சா இது?

நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை அப்பத்தாவுக்கு விதவைப் பணம் 1,200 ரூபாய் எடுத்துக் கொடுக்க வேண்டும். கணக்கு எங்கள் தபால் வங்கியில்தான். மெஷினில் ரேகை விழவில்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், மோதிர விரல், இரண்டு கையிலும் பார்த்தாயிற்று. வெற்றிலை கட்டிக் கட்டி விரலெல்லாம் தேய்ந்து கிடக்கும் அதற்கு. முந்தானையில் துடைத்தது, வெந்நீர் வைத்துக் கழுவியது, இருபது நிமிஷம் போனதுதான் மிச்சம். “திங்கக்கிழமை வந்து எடுத்துத் தர்றேன் அப்பத்தா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். “மாத்திரை வாங்கணும்யா, மறந்துராத” என்றது.

திங்கட்கிழமை போனபோது கேட் சாத்தியிருந்தது. கோயிலுக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். செவ்வாய்க்கிழமையும் சாத்தியிருந்தது. வண்டியைத் திருப்பும்போது ஆஃப் ஆகிவிட்டது, அப்போதுதான் உள்ளே பஞ்சாரத்துக்குள் கோழிகள் கத்துவது கேட்டது. பதினோரு மணிக்கு யாராவது கோழியை அடைத்து வைத்திருப்பார்களா? சுவர் ஏறிக் குதித்தேன். பின்னால் குளிக்கிற தட்டிக்குள் விழுந்து கிடந்தது. திங்கள் விடியற்காலை வழுக்கியதாம். என்னைப் பார்த்ததும் நாக்கு வறண்டு, குரல் வராமல், “ஏதும் வந்திருக்காய்யா?” என்று கேட்டது. இன்னும் என் காதில் இருக்கிறது. 108-ஐ வரவழைத்து மதுரைக்குக் கூடவே போனது நான்தான். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அப்புறம் கிட்னி வேலை செய்யவில்லை என்றார்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டது.

சுவர் ஏறியது நான். ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி உட்கார்ந்தது நான். மகன் வந்தது வியாழக்கிழமை. கேள்வி மட்டும் என்னை. ஊரில் சிலர் அந்த 1,200 ரூபாயை நான் எடுத்துவிட்டதாகவும் பேசுகிறார்கள். பணம் இன்னும் கணக்கில்தான் இருக்கிறது. ஆபீசிலோ தினமும் லேட்டாக வருகிறாய் என்று விளக்கம் கேட்கிறார்கள். தனியாக இருக்கிற ஏழு பெரியவர்கள் வீட்டில் நின்று கூப்பிட்டு, குரல் வந்த பிறகுதான் போகிறேன், லேட் ஆகாதா? முந்தாநாள் கண்மாய்க் கரை வரை போய்விட்டு, ஒரு வீட்டில் குரல் சரியாகக் கேட்டதா என்று சந்தேகம் வந்து திரும்பிப் போய்ப் பார்த்தேன்.

என் மனைவி, உங்கள் மேல் என்ன தப்பு என்கிறாள். தப்பு இல்லைதான். பூட்டு ஏதும் தொங்கவில்லை, அது உண்மை. கேட் சாத்தியிருந்ததைப் பார்த்ததும் ஒரு கணம் அப்பாடா என்றுகூட இருந்தது, மறுபடி அந்த மெஷினோடு மல்லுக்கட்ட வேண்டாமே என்று. அதை விடுங்கள். பெற்ற தாயைத் தனியாக விட்டுவிட்டு, மூன்றாம் மனுஷனைக் கேள்வி கேட்கிறாரே, அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? பேசாமல் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டுவிடலாமா?

பெயர் வேண்டாம், சோழவந்தான் அருகில்.

*

தம்பி,

எனக்கு 63 வயது. அந்த உரிமையில் அப்படிக் கூப்பிடுகிறேன்.

“அதை விடுங்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். விட மாட்டேன். நீங்கள் பேனாவை எடுத்ததே அந்த ஒரு வரிக்காகத்தான் என்று நினைக்கிறேன். மகன், ஊர்ப்பேச்சு, ஆபீஸ் எல்லாமே நிஜம், எல்லாமே வலிக்கும். ஆனால் அவற்றை நீங்கள் யாரிடமும் சொல்லலாம், சொல்லியும் இருப்பீர்கள். அப்பாடா என்று இருந்ததை மட்டும் மனைவியிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

என்னிடம் வருகிறவர்களில் ஒரு வகை உண்டு. படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவையோ மாமியாரையோ மூன்று வருஷம், நாலு வருஷம் தூக்கித் துடைத்துப் பார்த்த பெண்கள். எல்லாம் முடிந்து ஆறு மாதம் கழித்துத் தூக்கம் வரவில்லை என்று வருவார்கள். முதல் நாள் நாத்தனாரைப் பற்றிப் பேசுவார்கள், ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை, நகையை மட்டும் கேட்டு வந்தாள் என்று. இரண்டாம் நாளும் நாத்தனார்தான். நாலாவது அல்லது ஐந்தாவது தடவை, எழுந்து வாசல் வரை போய்விட்டுத் திரும்பி நின்று, “மூச்சு நின்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சும்மா” என்பார்கள். அதன்பின் நாத்தனார் பேச்சு தானாகவே நின்றுவிடும். உங்கள் கடிதத்தில் அந்த நாத்தனார் இடத்தில் திருப்பூர் மகன் இருக்கிறார்.

அப்பாடா என்பது உடம்பு சொல்கிற சொல். மூட்டையை இறக்கி வைப்பவன் சொல்வது. அதனால் அவனுக்கு மூட்டைக்குரியவர் மேல் வெறுப்பு என்று யாரும் சொல்ல மாட்டோம். சனிக்கிழமை வெயிலில், இன்னும் பாதி ஊர் பாக்கியிருக்கும்போது, ரேகை விழாத ஆறு விரலோடு நின்றீர்கள். அந்த இருபது நிமிஷம் திரும்ப வேண்டாம் என்று உடம்பு சொன்னது. அப்பத்தா வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டும் ஒரே நொடியில், ஒரே கேட்டுக்கு முன்னால் நடந்துவிட்டதால் உங்கள் மனசு இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. நாம் அப்பாடா என்றோம், அது செத்துப்போனது என்று. நினைத்ததற்கும் நடந்ததற்கும் அப்படி ஒரு கயிறு கிடையாது. நீங்கள் ஐயோ என்று நினைத்திருந்தாலும், நிற்காமல் போயிருந்தால் அதே செவ்வாய்க்கிழமைதான்.

ஆக, அந்த உணர்ச்சிக்காக உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் உங்கள் மனைவியைப் போல நானும் அன்பாகப் பொய் சொன்னவள் ஆவேன்.

அந்தக் கேட்டுக்கு முன்னால் உங்கள் கண் ஒரு வேலை செய்திருக்கிறது. பூட்டு தொங்கவில்லை என்று பார்த்திருக்கிறது. வெளியூர் போகிறவர், ஏன், கோயிலுக்குப் போகிறவரும் கேட்டில் பூட்டை மாட்டிவிட்டுப் போவார். பூட்டு இல்லாமல் கேட் சாத்தியிருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். 19 வருஷமாக வாசல் வாசலாக ஏறி இறங்கியவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதோடு, மாத்திரை வாங்கக் காசுக்காக உங்களை எதிர்பார்த்திருந்த மனுஷி, மறந்துவிடாதே என்று சொல்லி அனுப்பியவர், நீங்கள் வருகிற நேரத்தில் கோயிலுக்குப் போவாரா? கோயில் என்ற காரணத்தை அப்பத்தா உங்களுக்குச் சொல்லவில்லை. உங்கள் அவசரம் அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. வேலையை மிச்சப்படுத்துகிற காரணம் வந்தால் மனசு அதை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். என் மனசும் அப்படித்தான்.

பக்கத்து வீட்டில் “அப்பத்தா எங்கே?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அரை நிமிஷம். அது உங்கள் தவறுதான், தம்பி. “உங்கள் மேல் என்ன தப்பு” என்று வீட்டில் சொல்லச் சொல்ல மனசு ஆறாததற்குக் காரணம், தப்பு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும் என்பதுதான். ஆனால் அந்தத் தவறின் அளவு கேட்காமல் விட்ட ஒரு கேள்வி. ஓர் உயிர் அளவுக்கு நீங்கள் அதை ஊதி வைத்திருக்கிறீர்கள்.

அந்த ஒரு நாள் எவ்வளவு பெரியது என்று நீங்கள் ராத்திரியில் கணக்குப் போடுவீர்கள். தெரிந்ததை வைத்து நானும் போடுகிறேன். வயதானவர் விழுந்து, எழ முடியாமல் ஒரே பக்கமாகக் கிடந்தால், உடம்பின் பாரம் அழுத்துகிற இடத்தில் தசைக்கு ரத்தம் போகாது. தசை சிதையும். அந்தச் சிதைவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய் அடைக்கும். குடிக்கத் தண்ணீர் இல்லாததால் அடைப்பு இன்னும் கெட்டியாகும். கிட்னி என்று டாக்டர்கள் சொன்னது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். எலும்பு முறிவோடு, கிடந்த நேரமும் பல பேரைக் கொண்டுபோகிறது. 1996-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், வீட்டுக்குள் உதவியின்றிக் கிடந்தவர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியானது. ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 12 சதவீதம் பேர் இறந்தார்கள். 72 மணி நேரத்துக்கு மேல் கிடந்தவர்களில் 67 சதவீதம் பேர் இறந்தார்கள். நேரம் பேசுகிறது. திங்கட்கிழமையே பார்த்திருந்தால் ஒரு வித்தியாசமும் இருந்திருக்காது என்று என்னால் சொல்ல முடியாது.

அதே மூச்சில் இதையும் கேளுங்கள். திங்கட்கிழமை பதினோரு மணிக்கே அவர் ஐந்தாறு மணி நேரம் கிடந்தாகிவிட்டது. இடுப்பு முறிந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், நல்ல முறையில் ஆபரேஷன் ஆன முதியவர்களிலும் சுமாராக ஐந்தில் ஒருவர் அந்த ஒரு வருஷத்தைத் தாண்டுவதில்லை. 78 வயதில், மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்த உடம்பு அது. இதில் விடியற்காலைக் கணக்கு எவ்வளவு, உங்கள் கணக்கு எவ்வளவு, வயதின் கணக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. மகன் சொன்ன “இருந்திருக்கும்” யாருக்கும் தெரியாத ஒன்று. “எப்படியும் போயிருக்கும்” என்று உங்களைத் தேற்றுகிறவர்கள் சொல்வதும் யாருக்கும் தெரியாததுதான். தெரியாது என்பதோடு இருக்கப் பழகிக்கொள்வதுதான் இதில் கஷ்டமான வேலை, அதை உங்களுக்காக வேறு யாரும் செய்ய முடியாது.

காதில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்தக் கேள்வி. ஒரு நாளுக்கு மேல் தண்ணீர் இல்லாமல் கிடந்தவருக்கு நினைவு தடுமாறும். எது பகல், எந்தக் கிழமை என்றெல்லாம் கலைந்துபோகும். அந்தக் கலைசலில் உங்கள் முகம் தெரிந்ததும், அந்த முகத்தைப் பார்த்தால் இத்தனை வருஷமாக வருகிற வாக்கியம் தானாக வந்திருக்கிறது. அவர் உங்களைக் கண்டுகொண்டார் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஏன் நேற்று வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கேள்வி உங்களுடையது, அவர் வாயில் நீங்கள் வைத்தது.

இனி மகன். அவர் ஊர் முன்னால் அப்படிப் பேசியது முறையில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி, நீங்கள் ராத்திரியில் உங்களையே கேட்டுக்கொள்கிற அதே கேள்வி. அதனால்தான் இவ்வளவு எரிகிறது. அவருக்கும் ஓர் அப்பாடா இருந்திருக்கும், தெரியுமா? தபால்காரர் தினமும் பார்க்கிறார், ஏதாவது என்றால் சொல்வார் என்ற நினைப்பு. அதை நம்பித் திருப்பூரில் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அதை அவர் தனக்கே சொல்ல முடியாமல் உங்களிடம் கத்தினார். நீங்கள் உங்களுடையதைச் சொல்ல முடியாமல் எனக்கு எழுதினீர்கள். “வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறவர்” என்ற பதில் உங்கள் நாக்கு நுனியில் இருக்கிறது. நியாயமான பதில்தான், ஆனால் கொடுக்க வேண்டாம். ஒரு தாயை இரண்டு பேர் சேர்ந்து தவறவிட்டிருக்கிறீர்கள், அதில் யார் அதிகம் தவறவிட்டது என்று கருமாதி வீட்டில் அளந்து என்ன ஆகப்போகிறது?

ஒன்றை மட்டும் நீங்கள் பார்க்கவே இல்லை. தினமும் கேட்டடியில் நடந்ததை நீங்கள் மரியாதை என்றோ பழக்கம் என்றோ நினைத்திருக்கிறீர்கள். அது காவல், தம்பி. அவர் தபாலுக்காக நிற்கவில்லை, இன்றைக்கும் நான் இருக்கிறேன் என்று ஒருவரிடம் ஆஜர் கொடுக்க நின்றார். அந்தப் பொறுப்பை யாரும் உங்களுக்குக் கொடுக்கவில்லை, நீங்களும் கேட்டு வாங்கவில்லை. அது பாட்டுக்கு வந்து உங்கள் கையில் சேர்ந்தது. பிசகு ஏற்பட்டால் யாரிடம் சொல்வது என்ற பேச்சே அதில் இல்லை. மகனின் போன் நம்பர் உங்களிடம் இருந்ததா? இருந்திருந்தால் செவ்வாய்க்கிழமையே பேசியிருப்பீர்கள், அவர் வியாழன் வரை வராமல் இருந்திருக்க மாட்டார் என்று ஊகிக்கிறேன். பக்கத்து வீட்டில் சாவி இருந்ததா? இருந்திருந்தால் சுவர் ஏறியிருக்க மாட்டீர்கள்.

அமெரிக்காவில் இதே காரியத்தை 1982 முதல் ஓர் ஏற்பாடாகவே செய்துவருகிறார்கள், தபால் துறையும் தபால்காரர் சங்கமும் சேர்ந்து. தனியாக இருக்கும் முதியவர் பெயர் பதிந்தால், அவர் தபால் பெட்டியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். தபால் எடுக்கப்படாமல் சேர்ந்தால் தபால்காரர் கதவை உடைக்க வேண்டியதில்லை, அங்கேயே நின்று யோசிக்கவும் வேண்டியதில்லை. தன் மேற்பார்வையாளரிடம் சொன்னால் போதும், அவர் அந்த முதியவரின் ஆட்கள் விவரம் வைத்திருக்கும் அமைப்புக்குச் சொல்வார். பிரான்சில் 2017-லிருந்து, பெற்றோரைத் தபால்காரர் வாரா வாரம் போய்ப் பார்த்துப் பிள்ளைகளுக்குத் தகவல் அனுப்ப, பிள்ளைகள் மாதக் கட்டணம் கட்டுகிறார்கள். (அங்கேயும் பிள்ளைகள் தூரத்தில்தான்.) பார்ப்பது ஒருவர், பொறுப்பு பலருடையது என்பதுதான் அதன் சூட்சுமம். உங்கள் ஊரில் பார்ப்பதும் நீங்கள், பொறுப்பும் நீங்கள், பழியும் நீங்கள் என்றாகிவிட்டது.

இப்போது அந்த ஏழு வீடு. நின்று குரல் கேட்டுவிட்டுப் போவது நல்ல காரியம், விடாதீர்கள். கண்மாய்க் கரையிலிருந்து திரும்பினீர்களே, அது வேறு. குரல் கேட்டதும் கிளம்ப முடிந்தால் அது அக்கறை. கேட்ட குரலையே சந்தேகப்பட்டுத் திரும்ப வைப்பது பயம். அந்தப் பயம் ஏழு வீட்டுக் கிழவர்களுக்காக இல்லை, உங்களைத் தண்டிப்பதற்காக வேலை செய்கிறது. இரண்டாம் தடவை திரும்பிப் பார்த்தால் மூன்றாவது தடவைக்கும் அது கேட்கும். அதற்குத் தீனி போடாதீர்கள். ஒரு வீடு, ஒரு குரல், அடுத்த வீடு. சந்தேகம் வந்தால் வரட்டும், வண்டி முன்னால்தான் போக வேண்டும். கால் மணி நேரத்தில் அதன் வேகம் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள். குறையாமல் இன்னும் சில வாரம் தொடர்ந்தாலோ, தூக்கம் கெட்டாலோ 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

அந்த ஏழு பேருக்கும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் மகன் அல்லது மகள் நம்பர் ஒன்று, பக்கத்து வீட்டு நம்பர் ஒன்று, சாவி யாரிடம் இருக்கிறது என்பது. பாக்கெட் நோட்டில் ஒரு பக்கம் போதும். அப்புறம், அந்த வாசல்களில் வண்டியை அணைத்துவிட்டு நில்லுங்கள். செவ்வாய்க்கிழமை கோழிச் சத்தம் உங்களுக்குக் கேட்டது வண்டி நின்றதால்தான். திங்கட்கிழமையும் கோழிகள் பஞ்சாரத்துக்குள்தான் இருந்திருக்கும். ஆபீஸுக்கு விளக்கம் எழுதும்போது கோபத்தை விட்டுவிட்டு, ஏழு வீடு, வீட்டுக்கு இத்தனை நிமிஷம் என்று உள்ளதை எழுதிக் கொடுங்கள். படிக்கிறவர் மனுஷராக இருந்தால் புரிந்துகொள்வார். இல்லாவிட்டாலும் பைலில் இருக்கும்.

மாற்றல் கேட்க வேண்டாம். இப்போது போனால், 1,200 ரூபாயை எடுத்துக்கொண்டு ஓடினான் என்கிற ஊர்ப்பேச்சுக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். அந்தப் பேச்சுக்கு நீங்கள் பதில் சொல்லவும் வேண்டியதில்லை, கணக்கு சொல்லும்.

அந்தக் கணக்கை முடிக்க மகன் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு எப்படியும் உங்கள் ஆபீஸுக்கு வர வேண்டும். உங்கள் கிளையில் படிவத்தை எடுத்துக் கொடுக்கப்போவது நீங்களாகத்தான் இருக்கும். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டீர்கள். அன்றைக்குச் சொல்லுங்கள். நாலு பேர் இல்லாத நேரமாகப் பார்த்து, உட்காரவைத்து, இவ்வளவு மட்டும்: “திங்கட்கிழமை கேட் சாத்தியிருந்தது. பூட்டு தொங்கவில்லை. நான் நின்று கேட்டிருக்கணும், கேட்கல. அது என் மனசுல இருக்கு.” அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். ‘ஆனால்’ என்று ஆரம்பிக்காதீர்கள், ஆஸ்பத்திரியில் உட்கார்ந்த இரண்டு ராத்திரியைச் சொல்லாதீர்கள். அப்பாடாவையும் சொல்ல வேண்டாம், அது அவருக்கு உரியதில்லை. அதை முடிந்தால் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். சொன்னதும் அவர் உங்களைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்றுதான் பயப்படுகிறீர்கள். இத்தனை வருஷம் உங்களோடு குடும்பம் நடத்தியவர், தினமும் இரண்டு மூன்று அப்பாடா அவருக்கும் இருக்கும்.

மகன் மறுபடி திட்டலாம், ஒன்றும் பேசாமலும் இருக்கலாம். அழுதாலும் அழுவார். எதுவானாலும் அவர் முடிக்கும் வரை இருந்துவிட்டு, படிவத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களைக் காட்டிக் கொடுங்கள்.